விளையாட்டு அறிவியல் படிக்கப் போகும் மாணவிக்குப் பரிந்துரைக் கடிதம்: எழுதும் ஆசிரியருக்கு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டப் பள்ளிகளில் விளையாட்டு அறிவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பரிந்துரைக் கடிதம் கேட்டு நேராகப் போவது பி.டி. ஆசிரியரிடம்தான். அவரும் அன்போடு எழுதிக் கொடுப்பார். ஆனால் எழுதி முடித்த தாளைப் பார்த்தால் முக்கால்வாசி கோப்பைப் பட்டியலாக இருக்கும். கடைசியில் 'ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர்' என்று ஒரு வரி.

அந்தக் கடிதம் பிள்ளைக்குப் பெரிதாக உதவாது. விளையாட்டு அறிவியல் என்பது உடலியங்கியல், உயிர் இயக்கவியல், ஊட்டச்சத்து, உளவியல், புள்ளியியல் எல்லாம் சேர்ந்த ஓர் அறிவியல் படிப்பு. நன்றாக விளையாடுகிற பிள்ளை என்பது தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பத்திலேயே தெரிந்துவிடும். இந்தப் பிள்ளை அளந்து பார்க்குமா, அளவு தப்பினால் ஏன் என்று கேட்குமா என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. அதைக் கண்ணால் பார்த்த ஆசிரியர் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கடிதம்.

கீழே வருவது, பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஒரு பிளஸ் டூ மாணவிக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டு சொன்னது. முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பிள்ளை, உயிரியல் பிரிவு, பள்ளிக் கால்பந்து அணியில் நடுக்கள ஆட்டக்காரி என்று வைத்துக்கொள்வோம். கடிதம் கேட்கும் வேறு பல்கலைக்கழகங்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. படிப்பின் சரியான பெயரை முதலில் கேட்டு வாங்குங்கள்

'ஸ்போர்ட்ஸ் படிக்கப் போறேன் சார்' என்று பிள்ளை சொல்வதை வைத்துப் பேனாவை எடுத்துவிடாதீர்கள். உடற்கல்விப் பட்டம் வேறு, பயிற்சியாளர் படிப்பு வேறு, விளையாட்டு மேலாண்மை வேறு, விளையாட்டு அறிவியல் வேறு. பெயரில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பாடங்கள் ஒத்துப்போகாது.

அந்தப் படிப்பின் முதலாம் ஆண்டுப் பாடப் பட்டியலைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து அச்செடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். அதில் உடலியங்கியல் ஆய்வகமும் புள்ளியியலும் இருந்தால், கடிதத்தில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும். இதைச் செய்யாத கடிதங்களில்தான் 'எதிர்காலத்தில் சிறந்த உடற்கல்வி ஆசிரியராக வருவார்' என்ற வரி வருகிறது. மனதார எழுதிய வரிதான். ஆனால் படிப்பு என்னவென்று எழுதியவருக்கே தெரியவில்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

2. யார் எழுதுவது என்பதை முடிவு செய்யுங்கள்

ஒரே கடிதம்தான் என்றால் உயிரியல் அல்லது இயற்பியல் ஆசிரியர் எழுதுவது நல்லது. படிக்கப் போவது அறிவியல் என்பதால் வகுப்பறையில் பார்த்தவரின் சொல்லுக்கு எடை கூடும். மைதானத்தில் நடந்தவற்றை பி.டி. ஆசிரியரிடம் கேட்டு, 'எங்கள் உடற்கல்வி ஆசிரியர் நேரில் பார்த்துச் சொன்னது' என்று குறிப்பிட்டே சேர்க்கலாம். இரண்டு கடிதம் கேட்டால் ஒன்று அறிவியல் ஆசிரியர், மற்றது பி.டி. ஆசிரியர்.

பிள்ளையை நேரில் அறியாத தலைமையாசிரியரிடம் பதவிக்காகப் போவது நம் ஊரில் வழக்கம். அதில் பலன் குறைவு. அவரால் பொதுவாகத்தான் எழுத முடியும்.

இன்னொன்று, உறவுக்காரர் எழுதக் கூடாது. கடற்கரை ஊர்களில் பி.டி. ஆசிரியரே பிள்ளைக்குச் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பது சாதாரணம். எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் உறவு தெரிந்தால் கடிதம் செல்லாமல் போகும். வேறு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

3. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிள்ளையிடம் மூன்று வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் வந்த கையோடு கேட்பது தோதான நேரம். அரையாண்டு நெருங்கிவிட்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது, பிள்ளைக்கும் இருக்காது.

- பாடப் பட்டியல் அச்சு (மேலே சொன்னது)
- பிளஸ் ஒன் மதிப்பெண், பிளஸ் டூ காலாண்டு மதிப்பெண்
- பிள்ளை தன்னைப் பற்றி எழுதிய விண்ணப்பக் கட்டுரையின் வரைவு
- போட்டிச் சான்றிதழ்களின் நகல்
- பிள்ளையே அளந்து எழுதிய ஏதாவது ஒரு நோட்டு: பயிற்சிக் குறிப்பு, நாடித்துடிப்புக் கணக்கு, ஓட்ட நேரம்
- கடைசித் தேதியும், அனுப்ப வேண்டிய முறையும்

விண்ணப்பக் கட்டுரையை வாங்குவது எதற்கென்றால், அதில் உள்ளதையே நீங்களும் திருப்பி எழுதாமல் இருக்க. 'முழங்கால் காயத்துக்குப் பிறகு இந்தத் துறையில் ஆர்வம் வந்தது' என்று அவள் எழுதியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அவளால் தன்னைப் பற்றிச் சொல்ல முடியாததை நீங்கள் சொல்ல வேண்டும்.

பட்டியலில் எல்லோரும் விட்டுவிடுவது அந்த நோட்டு. கடிதத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

4. நோட்டிலிருந்து ஒரே ஒரு நிகழ்வை எடுங்கள்

பிள்ளையை உட்காரவைத்து நோட்டைப் புரட்டுங்கள். எந்த இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறாள் என்று பாருங்கள். திருத்தம் இருக்கும் இடத்தில்தான் யோசனை நடந்திருக்கும். 'இத ஏன் மக்களே வெட்டிப் போட்ட?' என்று கேட்டால் போதும், மீதியை அவளே சொல்லுவாள்.

நம் எடுத்துக்காட்டு மாணவியின் நோட்டில் இருப்பது இது. அணியின் இளைய பிள்ளைகள் 16 பேருக்கு 20 மீட்டர் ஷட்டில் ஓட்டச் சோதனை வைத்திருக்கிறாள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர். ஒலிப்பதிவில் பீப் சத்தம் வரும்போதெல்லாம் மறு கோட்டைத் தொட்டிருக்க வேண்டும். போகப் போக சத்தத்தின் இடைவெளி குறையும். எட்ட முடியாமல் போகிறபோது ஓட்டம் முடிந்தது. ஜூனில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை எடுத்திருக்கிறாள்.

செப்டம்பரில் 16 பேருக்குமே முன்னேற்றம். சாதாரணமாக எல்லோரும் இதில் மகிழ்ந்து போய்விடுவார்கள். அவள் ஒரு விஷயத்தைக் கவனித்தாள்: அந்த இடைவெளியில் பயிற்சிக்கே வராத இரண்டு பேருக்கும் முன்னேற்றம் காட்டுகிறது. அது எப்படி?

ஜூனில் டேப் பிடித்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மழையில் கோடு கரைந்துவிட்டது. செப்டம்பரில் காலடியால் அளந்து புதுக் கோடு போட்டிருக்கிறார்கள். திரும்ப டேப் வைத்துப் பார்த்தபோது இருந்தது 18.6 மீட்டர். பீப் சத்தத்தின் நேரம் மாறவில்லை, ஓட வேண்டிய தூரம் மட்டும் குறைந்திருக்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் கேட்கும் கட்டத்தில் பிள்ளைகள் 9.3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலே போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் எல்லோரும் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

அவள் செப்டம்பர் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை டேப் பிடித்து மறுபடி எடுத்திருக்கிறாள். இந்த முறை முன்னேற்றம் 9 பேருக்கு மட்டும். பயிற்சிக்கு வராத இருவரும் அந்த 9 பேரில் இல்லை.

இதற்கு மேல் ஒரு தேர்வுக் குழுவுக்கு என்ன வேண்டும்? சந்தேகப்பட்டாள், காரணத்தைத் தேடினாள், கண்டுபிடித்தாள், தனக்குச் சாதகமாக இருந்த கணக்கைத் தூக்கிப் போட்டாள், திரும்பச் செய்தாள். ஆய்வகத்தில் முதலாம் ஆண்டு மாணவரிடம் எதிர்பார்க்கும் குணம் அத்தனையும் ஒரு சனிக்கிழமைக் காலையில் இருக்கிறது.

இவ்வளவு பெரிதாக எல்லாப் பிள்ளையிடமும் கிடைக்காது. சின்னது போதும். 15 வினாடி நாடி எண்ணி நான்கால் பெருக்குவதில் ஒரு துடிப்பு தவறினால் நிமிடத்துக்கு நான்கு மாறிவிடுகிறது என்று கண்டு, முழு நிமிடம் எண்ணத் தொடங்கிய பிள்ளை என்றால் அதுவும் எழுதத் தகுந்ததுதான். எதுவுமே இல்லையென்றால் உயிரியல் செய்முறை வகுப்பில் தேடுங்கள். இல்லாததை உண்டாக்கி மட்டும் எழுத வேண்டாம். நேர்காணல் வைத்தால் அந்த நிகழ்வைப் பற்றிக் கேட்கலாம். நடக்காததைப் பற்றி இரண்டாவது கேள்விக்கே பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

5. பத்திகளை இந்த வரிசையில் எழுதுங்கள்

ஒரு பக்கம்தான். நான்கு பத்தி.

முதல் பத்தியில் நீங்கள் யார், எந்தப் பாடம், எத்தனை ஆண்டாக, வாரத்துக்கு எத்தனை வகுப்பில் இந்தப் பிள்ளையைப் பார்க்கிறீர்கள் என்பது. இரண்டு வரி. உங்கள் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசிப்பவர் இதை வைத்துத்தான் எடை போடுகிறார். பள்ளியின் நூறாண்டுப் பெருமை இங்கே வேண்டாம்.

இரண்டாம் பத்தியில் நிகழ்வு. இதுதான் நீளமான பத்தி. கடைசிக்குத் தள்ளினால் வாசிப்பவர் அதுவரை வருவார் என்பது உறுதியில்லை. இப்படி இருக்கலாம்:

> 'இளையோர் அணியின் 16 பேருக்கு இம்மாணவி 20 மீட்டர் ஷட்டில் ஓட்டச் சோதனையை நடத்தினார். இரண்டாம் முறை அனைவருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. பயிற்சிக்கு வராத இருவருக்கும் முன்னேற்றம் இருந்ததால் அவர் முடிவைச் சந்தேகித்தார். ஓடுதளத்தை மீண்டும் அளந்தபோது அது 18.6 மீட்டரே இருந்தது. யாரும் சொல்லாமலே அந்த முடிவுகளை நீக்கிவிட்டு, ஒரு வாரம் கழித்துச் சோதனையை மறுபடி நடத்தினார். உண்மையான முன்னேற்றம் ஒன்பது பேருக்கு மட்டுமே இருந்தது. அவருடைய குறிப்பேட்டை நான் பார்த்தேன். நீக்கிய எண்களையும் அழிக்காமல், பக்கத்தில் காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்.'

இதில் 'திறமைசாலி', 'கடின உழைப்பாளி' என்ற சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தேவையும் இல்லை. கடைசி வாக்கியத்தைப் பாருங்கள்: நீக்கிய எண்ணை அழிக்காமல் வைத்திருப்பது சிறிய விஷயம்தான். ஆனால் நேரில் பார்க்காத ஒருவரால் அதை எழுத முடியாது.

மூன்றாம் பத்தியில் படிப்பு. எந்தப் பாடத்தில் வலு, எதில் இன்னும் வளர வேண்டும். நான்காம் பத்தியில் விளையாட்டும் உங்கள் முடிவும், மூன்று நான்கு வரிக்குள்.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக அனுப்புவதானால் கடிதமாக இல்லாமல் மூன்று பெட்டிகளாகக் கேட்பார்கள். முதல் பெட்டி பள்ளியைப் பற்றி, இரண்டாவது படிப்பைப் பாதித்த சிறப்புச் சூழ்நிலை ஏதும் இருந்தால், மூன்றாவது மாணவியைப் பற்றி. மூன்றும் சேர்ந்து 4000 எழுத்துகளுக்குள், இடைவெளியும் கணக்கு. மேலே சொன்ன நிகழ்வு மூன்றாம் பெட்டியில் முதலில் வரட்டும். எதிர்பார்க்கும் மதிப்பெண்ணை யூகாஸில் தனி இடத்தில் பதிய வேண்டும் என்பதால் அதைத் திரும்ப எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம்.

6. போட்டி நிலையை வெளியூர்க்காரருக்குப் புரியும்படி எழுதுங்கள்

'குறுவட்ட அளவில் முதலிடம், வருவாய் மாவட்ட அளவில் இரண்டாமிடம்' என்பது நமக்குப் படித்தவுடன் புரியும். அங்கே இருப்பவருக்குக் குறுவட்டம் என்றால் ஒன்றும் தெரியாது. சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றினால் வருவாய் என்ற சொல் வரித்துறைப் போட்டி போல ஆகிவிடும்.

ஏணியை ஒரே வரியில் சொல்லுங்கள்: பக்கத்துப் பள்ளிகளுக்குள் முதல் நிலை, பிறகு மாவட்டம், பிறகு சில மாவட்டங்கள் சேர்ந்த மண்டலம், பிறகு மாநிலம். அதில் பிள்ளை எட்டிய உயர்ந்த நிலையை மட்டும், ஆண்டோடு. கீழ் நிலைகள் அதற்குள் அடங்கிவிடும்.

ஊர்த் திருவிழாவுக்கு நடக்கும் கால்பந்துப் போட்டிக் கோப்பைகளைக் கடிதத்தில் சேர்க்க வேண்டியதில்லை. தூத்தூர் முதல் கன்னியாகுமரி வரை அந்த மைதானங்களில் ஆட்டத்தின் தரம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். கடிதத்தில் அதை நிறுவிக் காட்ட வழியில்லை.

7. ஒரு குறையை நேராக எழுதுங்கள்

இங்கேதான் நம் ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் குறையே இல்லாத கடிதத்தில் நிறைகளும் நம்பும்படி இருப்பதில்லை.

குறை இரண்டு தன்மையோடு இருக்க வேண்டும்: உண்மையாக இருக்க வேண்டும், சரிசெய்யும் வேலை தொடங்கியிருக்க வேண்டும். நம் மாணவிக்கு இப்படி எழுதலாம்: 'இயற்பியல் கணக்குகளில் வரைபடத்தைப் படித்து விளக்குவதில் தடுமாற்றம் உண்டு. காலாண்டுக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் இதற்கென உட்காருகிறார். விடைத்தாள்களில் மாற்றம் தெரிகிறது.' உயிர் இயக்கவியலில் வரைபடம் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அதனால் இந்தக் குறை படிப்போடு தொடர்புள்ளது, அதைச் சரிசெய்கிறாள் என்பதும் படிப்போடு தொடர்புள்ளது. 'சில நேரம் அளவுக்கு மீறி உழைக்கிறார்' என்ற வகைக் குறையை யாரும் நம்புவதில்லை.

எதிர்பார்க்கும் மதிப்பெண்ணிலும் இதே நேர்மை வேண்டும். காலாண்டு மதிப்பெண், அரையாண்டு வந்திருந்தால் அதுவும், கடந்த ஆண்டுகளில் உங்கள் பள்ளியில் காலாண்டுக்கும் பொதுத்தேர்வுக்கும் இருந்த வித்தியாசம், இவற்றை வைத்துப் போடுங்கள். ஆசைக்குக் கூட்டிப் போட்டால் பல்கலைக்கழகம் அதை வைத்தே நிபந்தனை இடம் கொடுக்கும். மே மாதம் மதிப்பெண் வரும்போது அந்த இடம் கைவிட்டுப் போகும், அப்போது அழுவது பிள்ளைதான்.

8. கேட்காமல் எழுதக் கூடாதவை

காயம், நோய், குடும்பத்தில் நடந்த இழப்பு, பணக் கஷ்டம். இவற்றைப் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் எழுதவே கூடாது. 2017 ஒக்கி புயலில் தந்தையைக் கடலில் இழந்த வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் இருக்கின்றன. அப்படி ஒரு பிள்ளைக்கு எழுதும்போது அனுதாபத்தில் அதைக் கடிதத்தில் போடத் தோன்றும். அது அந்தப் பிள்ளையின் துக்கம், சொல்வதா வேண்டாமா என்பது அதன் முடிவு. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சரி என்றால் மட்டும், படிப்பை எப்படிப் பாதித்தது என்ற அளவோடு எழுதுங்கள்.

காயத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 'கணுக்கால் சுளுக்கோடு இறுதி ஆட்டம் முழுக்க ஆடினார்' என்று வீரமாக எழுதுவதைப் பார்க்க முடிகிறது. வாசிப்பவர் விளையாட்டுக் காயத்தைப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கிறவர். சுளுக்கோடு ஆடவிட்ட ஆசிரியரைப் பற்றித்தான் அவர் யோசிப்பார்.

சாதி, மதம், பெற்றோர் தொழில், உடல் தோற்றம் எதுவும் வேண்டாம். நன்னடத்தைச் சான்றிதழின் வாசகங்களும் வேண்டாம். அது வேறு தாள், டி.சி.யோடு தருவது. 'பியர்ஸ் எ குட் மாரல் கேரக்டர்' என்ற வரி அங்கே இருக்கட்டும்.

9. அனுப்பும்போது தவறும் இடங்கள்

கடிதம் நன்றாக இருந்தும் போய்ச் சேராமல் போவது இந்த இடத்தில்தான்.

பல்கலைக்கழகமோ யூகாஸோ உங்களுக்கு நேராக மின்னஞ்சலில் ஒரு இணைப்பு அனுப்பலாம். அது பெரும்பாலும் ஸ்பேம் பெட்டியில் விழும். பிள்ளை உங்கள் முகவரியைப் பதிந்த அன்றே அங்கே தேடிப் பாருங்கள். கடிதத்தைப் பிள்ளையின் முகவரியிலிருந்து அனுப்பக் கூடாது. அப்படி வந்த கடிதத்தை யார் எழுதினார் என்று அவர்களால் உறுதி செய்ய முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்குச் சொந்த ஜிமெயில்தான் இருக்கும். அப்படியானால் பள்ளியின் அலுவலக முகவரியிலிருந்து அனுப்பக் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் பள்ளி லெட்டர்பேடில் அச்சிட்டு, கையெழுத்து, பதவி, முத்திரை, தேதியோடு ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக இணையுங்கள். போனில் எடுத்த சாய்ந்த படம் வேண்டாம், முத்திரை மங்கிவிடும்.

தொலைபேசி எண்ணில் ஒரு சின்ன விஷயம். லெட்டர்பேடில் நாகர்கோவில் பக்கம் 04652 என்றும் குழித்துறை பக்கம் 04651 என்றும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து கூப்பிட முன்னால் உள்ள பூஜ்யம் போக வேண்டும். கையெழுத்துக்குக் கீழே +91 4652 என்று தொடங்கி முழு எண்ணையும் எழுதி, பள்ளி நேரம் இந்திய நேரப்படி என்ன என்பதையும் சேர்த்துவிடுங்கள். பிரிட்டனில் அவர்கள் காலை வேலை தொடங்கும்போது குளிர்காலத்தில் நமக்கு மதியம் இரண்டரை மணி. அலுவலக அறையில் ஆள் இருக்கும் நேரம்தான். ஆனால் போனை எடுக்கும் கிளார்க்குக்கு இப்படி ஓர் அழைப்பு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 'அப்படி ஒரு பிள்ளை இங்க இல்ல' என்று வைத்துவிட்டால் எழுதியதெல்லாம் வீண்.

அனுப்பிய கடிதத்தின் நகலையும், ஷட்டில் ஓட்ட நோட்டில் அந்த இரண்டு பக்கத்தின் ஜெராக்ஸையும் ஒன்றாகப் பின் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து யாராவது கூப்பிட்டு 18.6 மீட்டரைப் பற்றிக் கேட்டால் கையில் இருக்கும்.